செய்து கற்றலும் குறைந்து செல் விளைவும்: எல்லாம் ஓர் அடுக்கில் இருக்கிறது

எம்.ஏ. மேக்ரோ விடைத்தாள்களில் நான் அடிக்கடி பார்க்கும் வரி ஒன்று உண்டு: "தொழிலாளர்கள் வேலை செய்யச் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள், ஆகவே குறைந்து செல் விளைவு விதி பொருந்தாது, ஆகவே வளர்ச்சி நிற்காது." இதில் முதல் பகுதி சரி. மற்ற இரண்டும் அதிலிருந்து தானாக வந்துவிடாது. கற்றல் எவ்வளவு வலுவானது என்பதைப் பொறுத்துத்தான் வளர்ச்சி நிற்பதும் தொடர்வதும். அதைப் பேனாவும் தாளும் வைத்து ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு குழப்பம் வராது.

படி 1: கற்றலையே முதலில் பாருங்கள்

1936-இல் ரைட் என்ற விமானப் பொறியாளர் ஓர் ஒழுங்கைக் காட்டினார். இதுவரை கட்டிய விமானங்களின் மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம், ஒரு விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்பு சுமார் 20% குறைகிறது. நம் கணக்குக்காக முதல் விமானத்துக்கு 1000 மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 2-வதுக்கு 800, 4-வதுக்கு 640, 8-வதுக்கு 512, 16-வதுக்குச் சுமார் 410.

இப்போது மாதம் ஒரு விமானம் என்று தொழிற்சாலை ஒரே வேகத்தில் ஓடட்டும். முதல் 20% குறைய ஒரு மாதம் போதும். அடுத்த 20%-க்கு இரண்டு மாதம், அதற்கடுத்ததற்கு நான்கு, பிறகு எட்டு. கற்றல் நிற்கவில்லை, ஆனால் மந்தமாகிக்கொண்டே போகிறது. அதாவது கற்றலுக்குள்ளேயே ஒரு குறைந்து செல் விளைவு இருக்கிறது. உழைப்புத் திறன் என்பது அனுபவத்தின் 0.32 அடுக்கு, அவ்வளவுதான். இந்த 0.32-ஐ நினைவில் வையுங்கள், திரும்ப வருவோம்.

படி 2: கற்றலை உற்பத்திச் சார்புக்குள் கொண்டுவருங்கள்

1962-இல் கென்னத் ஆரோ செய்தது இதைத்தான். ஸ்வீடனின் ஹோர்ன்டால் இரும்பாலையில் 15 ஆண்டுகள் புதிய முதலீடே இல்லாமல் ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ 2% உயர்ந்ததை அவர் எடுத்துக்காட்டினார். அனுபவத்துக்கு அளவுகோலாக அதுவரை செய்த மொத்த முதலீட்டை எடுத்துக்கொண்டார். நாம் எளிமைக்காக மூலதன இருப்பு `K`-ஐயே எடுத்துக்கொள்வோம்.

```
Y = K^α (A·L)^(1−α)
A = b·K^φ
```

`A` என்பது உழைப்பாளியின் திறன், `φ` என்பது கற்றலின் வலு. இரண்டாவதை முதலாவதில் போடுங்கள். `L` மாறாதது என்று கொண்டால் `K`-இன் மொத்த அடுக்கு இது:

```
β = α + φ(1−α)
```

பாடத்தின் இதயம் இந்த ஒரு வரிதான். `φ = 0` என்றால் `β = α`, அது சோலோ மாதிரி. `φ = 1` என்றால் `β = 1`, அது `AK` மாதிரி. குறைந்து செல் விளைவு முழுக்க மறைகிறது. நடுவில் எந்த எண்ணை வைத்தாலும் கற்றல் இருக்கும், குறைந்து செல் விளைவும் இருக்கும்.

படி 3: எண்களைப் போடுங்கள்

`α = 1/3`, சேமிப்பு வீதம் 24%, தேய்மானம் 6%, மக்கள்தொகை மாறவில்லை. தொடக்கத்தில் `K = 1`, `Y = 1/3` என்று அமைத்துக்கொண்டால் மூலதனத்தின் வளர்ச்சி:

```
g = 0.08·K^(β−1) − 0.06
```

எந்த `φ` ஆனாலும் முதல் ஆண்டில் `g` 2%. எல்லா நாடுகளும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்குகின்றன என்று பொருள். இப்போது `g = 0` வைத்து, வளர்ச்சி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். `K^(1−β) = 4/3` என்று வரும்.

`φ = 0` நாட்டில் `K` 1.54 மடங்காகி நிற்கும். வருமானம் தொடக்கத்தைவிட 15% மட்டுமே கூடியிருக்கும். `φ = 0.5` நாட்டில் வருமானம் 1.78 மடங்கில் நிற்கும். `φ = 0.8` நாட்டில் ஏறத்தாழ 6.5 மடங்கில். `φ = 1` நாட்டில் சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது, ஏனென்றால் `K` கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது. 2% வளர்ச்சி அப்படியே ஓடும்.

ரைட்டின் 0.32-ஐ `φ` இடத்தில் போட்டுப் பாருங்கள். `β` சுமார் 0.55 வரும். கற்றல் கண்கூடாக நடக்கும் விமானத் தொழிற்சாலையின் எண்ணே ஒன்றுக்கு வெகு கீழே நிற்கிறது. ஆரோவும் கற்றலின் அடுக்கை ஒன்றுக்குக் கீழேதான் வைத்தார். அதனால் அவர் மாதிரியில் நீண்டகால வளர்ச்சிக்கு மக்கள்தொகை வளர்ச்சி `n` தேவைப்படுகிறது. நம் குறியீட்டில் தலா வருமான வளர்ச்சி `φn/(1−φ)`. ஒன்றைத் தொடும் மாதிரி ஃபிராங்கெல், ரோமர் வழி வந்தது. அங்கே ஒரு நிறுவனத்தின் கற்றல் மற்ற எல்லா நிறுவனங்களுக்கும், எல்லாப் பொருள்களுக்கும் பரவுகிறது என்று கொள்ள வேண்டும். பெரிய அனுமானம் அது.

படி 4: சேமிப்பை உயர்த்திப் பாருங்கள்

சேமிப்பு 24%-லிருந்து 30% ஆகட்டும். `φ = 1` நாட்டில் வளர்ச்சி 2%-லிருந்து 4% ஆகி அங்கேயே இருக்கும். `φ = 0` நாட்டில் வருமானத்தின் இறுதி மட்டம் சுமார் 12% உயரும். வளர்ச்சி கொஞ்ச காலம் கூடி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். மட்டம் உயர்வதா, வேகம் உயர்வதா என்ற கேள்விக்கு விடை எழுதும்போது இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வையுங்கள்.

படி 5: நிறுவனம் பார்ப்பதும் நாடு பெறுவதும்

மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. `φ = 1` ஆனாலும் தனி நிறுவனத்துக்குக் குறைந்து செல் விளைவு அப்படியேதான் இருக்கிறது. தான் வாங்கும் ஓர் இயந்திரம் நாட்டின் மொத்த `A`-ஐ உயர்த்தும் என்று அது கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே அது பார்க்கும் இறுதிநிலை விளைவு `α·Y/K`, நம் எண்களில் 1/9, அதாவது 11%. நாட்டுக்குக் கிடைப்பதோ `β·Y/K`, 33%. அந்த இடைவெளி அண்டை நிறுவனங்களின் தொழிலாளர்கள் கற்றது. அதற்கு யாரும் விலை கொடுப்பதில்லை, எனவே சந்தை குறைவாக முதலீடு செய்கிறது. போட்டிச் சந்தையும் `AK` வளர்ச்சியும் ஒரே மாதிரிக்குள் இருக்க முடிவதும் இந்த இடைவெளியால்தான். நிறுவனமே வளர்ந்து செல் விளைவை அனுபவித்தால் பெரியது சிறியதை விழுங்கிவிடும், போட்டி மிஞ்சாது.

எங்கே தவறும்

`φ = 1` மாதிரியில் `L`-ஐ இரட்டிப்பாக்கிப் பாருங்கள். 0.08 என்பது 0.127 ஆகி, வளர்ச்சி 6.7%-க்குத் தாவும். நாடு பெரிதென்பதாலேயே வேகம் மூன்று மடங்குக்கு மேல். மக்கள்தொகை வளர்ந்துகொண்டே இருந்தால் வேகமும் கூடிக்கொண்டே போகும். இதைத் தவிர்க்கப் பலர் `A`-ஐ `K`-க்குப் பதில் `K/L`-உடன் இணைக்கிறார்கள்.

`φ` எவ்வளவு என்று தரவிலிருந்து சொல்வது இன்னும் கடினம். `φ = 0.8` நாட்டின் வருமானம் முதல் 10 ஆண்டில் சுமார் 18% கூடுகிறது, `φ = 1` நாட்டில் 22%. ஒன்று நிற்கப்போகிறது, மற்றது நிற்காது. பத்தாண்டுத் தரவை வைத்து இதைப் பிரித்தறிய முடியாது. 100 ஆண்டு கழித்துத்தான் 3 மடங்கு, 7 மடங்கு என்று விலகல் தெரியும்.

மூலதனத்தைச் சரியாக அளக்காவிட்டால் `φ` பெரிதாகவும் தெரியும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா கட்டிய லிபர்ட்டி கப்பல்கள் செய்து கற்றலுக்குப் பாடப்புத்தக உதாரணம். 2001-இல் பீட்டர் தாம்சன் பழைய ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தபோது, அந்தக் கப்பல்தளங்களில் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோதே புதிய இயந்திரங்களும் வசதிகளும் சேர்ந்துகொண்டே இருந்தது தெரிந்தது. முந்தைய ஆய்வுகள் அந்த மூலதனத்தைக் கணக்கில் சேர்க்காமல், அது தந்த உயர்வில் கணிசமான பகுதியையும் கற்றலின் பெயரில் எழுதியிருந்தன.