கறுப்புச் சட்டைக்குள் எத்தனை டிகிரி? மொட்டைமாடியில் அளந்து பார்க்கலாம்

மதுரை வெயிலில் காற்றே சுடும். கோத்தகிரியில் அப்படி இல்லை. மே மாதத்தில்கூட நிழலில் நின்றால் கையைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். இரண்டடி தள்ளி வெயிலுக்கு வந்தால், கறுப்பு ஜெர்கின் முதுகில் இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி சுடும். அந்த நிழலிலும் வெயிலிலும் காற்றின் சூடு ஒன்றுதான். துணி வெயிலின் ஒளியை வாங்கிச் சூடாகிறது, அவ்வளவுதான். அதனால் இந்தச் சோதனைக்கு மலை ரொம்பத் தோதான இடம்.

முதலில் துணி. நிறத்தை மட்டும் சோதிக்க வேண்டுமென்றால் மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் கறுப்பு டி-ஷர்ட்டையும் வெள்ளை வேட்டியையும் ஒப்பிட்டால் எது நிறத்தால், எது நெசவால் என்று பிரிக்க முடியாது. தையல்கடையில் ஜாக்கெட்டுக்கு வைக்கும் காட்டன் லைனிங் துணி கேளுங்கள். ஒரே கடையில், ஒரே ரகத்தில், எல்லா நிறமும் கிடைக்கும். கறுப்பில் ஒரு துண்டு, வெள்ளையில் ஒரு துண்டு. இரண்டாக மடித்தபின் உள்ளங்கை அளவு இருந்தால் போதும்.

அடுத்து அளவி. சமையலுக்கு விற்கும், நீளக் கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் வேண்டும். காய்ச்சல் பார்ப்பது உதவாது; அது உடம்புச் சூட்டை ஒட்டித்தான் காட்டும்.

இனி அளவு. காலை 11 மணிக்கு, மஞ்சு என்கிற மலை மூடுபனி ஏறுவதற்கு முன், ஒரு தெர்மாகோல் பலகையை வெயிலுக்கு நேராகச் சாய்த்து வையுங்கள். மடித்த துணிகளை அதில் பக்கத்தில் பக்கத்தில் குண்டூசியால் குத்துங்கள். பத்து நிமிடம் கழித்து, கம்பியின் முனையைத் துணிக்கும் பலகைக்கும் நடுவே செருகி, எண் நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு நிழலில் காற்று 21 டிகிரி, வெள்ளைக்கு அடியில் 30, கறுப்புக்கு அடியில் 43. முதல் தடவை வெள்ளைக்கு 39 வந்து குழம்பிப் போனேன். பார்த்தால் கம்பி முனை துணிக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எண் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் மேகம் போகிறது என்று அர்த்தம். அது போனபின் மறுபடி அளந்து பாருங்கள்.

இப்போது ஒரு விசிறி எடுத்துக் கறுப்புத் துணிக்கு மேல் வீசுங்கள். எண் மளமளவென்று இறங்கும். வாங்கிய சூட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. பாலைவனத்தில் பெதூயின் மக்கள் கறுப்பு அங்கி போட்டும் வெந்துபோகாததன் காரணம் இதுதான். 1980இல் வந்த ஓர் ஆய்வில், கறுப்பு அங்கியோ வெள்ளை அங்கியோ, உடம்புக்குப் போய்ச் சேர்ந்த சூடு ஒரே அளவாகத்தான் இருந்தது. அங்கி தொளதொளவென்று இருந்ததால், கறுப்பு கூடுதலாக வாங்கிய சூடு தோலுக்கு வருமுன்பே வெளியேறிவிட்டது. இறுக்கமான கறுப்பு டி-ஷர்ட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

நெசவு. துணியை ஜன்னலுக்கு நேரே பிடியுங்கள். கைவிரல்கள் தெளிவாகத் தெரிந்தால் வெயிலும் அதே வழியாக உள்ளே வரும். மெல்லிய வெள்ளை மல் துணி குளிர்ச்சி என்று வாங்குவோம். ஆனால் அது ஒளியில் ஒரு பங்கைத் தோலுக்கே அனுப்பிவிடும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். அப்புறம் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று போக வேண்டும், ஆனால் விரல் தெரியக் கூடாது. நடுத்தரக் கனத்தில் கைத்தறி இந்த இரண்டிலும் தேறும்.

நூல். பருத்தி காற்றின் ஈரத்திலிருந்தே தன் எடையில் ஏழெட்டு சதவீதம் பிடித்துக்கொள்ளும்; பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. அதனால்தான் வியர்வை அதில் பிசுபிசுக்கிறது. பருத்திக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. நனைந்த பிறகு மஞ்சு இறங்கினால் சீக்கிரம் காயாது, நடுக்கும்.

இதையெல்லாம் வைத்து, தேயிலை பறிக்கப் போகும்போது சேலைக்கு மேல் போட அத்தைக்கு ஒரு முழுக்கைச் சட்டை தேர்ந்தெடுத்தேன். கருநீலப் பாலியஸ்டர் முதலிலேயே கழிந்தது. வெள்ளைக் காட்டனை ஜன்னலில் பிடித்தால் விரல் தெரிந்தது. அத்தைக்கு வேறு கவலை: "வெள்ளையைப் போட்டா இலைக் கறையை யாரு தொவைக்கிறது, நீயா?" மிஞ்சியது மாமாவின் பழைய வெளிர்நீலக் கைத்தறிச் சட்டை. அத்தைக்கு இரண்டு சைஸ் பெரிது. அதையே கொடுத்தேன். மதியம் மஞ்சு இறங்கும்போது மாற்றிக்கொள்ள, உலர்ந்த சட்டை இன்னொன்றும் பையில்.