காத்திருப்புக் காலத்தையும் வரம்பையும் மறைக்காமல் 90 விநாடியில் ஒரு இன்ஷூரன்ஸ் வீடியோ

இன்ஷூரன்ஸ் வீடியோக்களில் நேரடியான பொய் அபூர்வம். "5 லட்சம் கவர்" என்பது உண்மைதான். அந்த 5 லட்சம் எப்போதிலிருந்து, எந்தச் செலவுக்கு, எவ்வளவு வரை என்பதுதான் வீடியோவில் வராது. கேட்டால், "கீழே குறிப்பில் போட்டிருக்கிறேனே" என்பார்கள். ஆனால் வீடியோவை யாராவது இறக்கி இன்னொருவருக்கு அனுப்பினால் அந்தக் குறிப்பு கூடப் போகாது. அதனால் இந்த விளக்கம் முழுக்க ஒரே விதியை வைத்துத்தான் நகரப் போகிறது: பலனைச் சொல்லும் அதே வாக்கியத்திலேயே அதன் வரம்பும் இருக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டை எடுத்துக்கொள்வோம். அதிலும் அதிகம் தகராறு வருகிற இரண்டு இடங்கள் போதும்: ரூம் வாடகை வரம்பு, காத்திருப்புக் காலம். மீதியை இன்னொரு வீடியோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 90 விநாடியில் பாலிசி முழுவதையும் சொல்லப் பார்த்தால் எதுவுமே மனசில் நிற்காது.

படி 1: விளம்பரத் தாளை ஓரமாக வையுங்கள்

பளபளப்பான விளம்பரத் தாளை வைத்து வசனம் எழுதாதீர்கள். பாலிசி நிபந்தனைகள் அடங்கிய முழு ஆவணத்தை எடுங்கள். நீளமாக இருக்கும். முழுவதையும் வரிசையாகப் படிக்கவும் வேண்டாம். பலன் அட்டவணை, காத்திருப்புக் காலம், விலக்குகள் ஆகிய மூன்று பகுதிகளைத் தேடி எடுத்து, ஒரு காகிதத்தில் நான்கே கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

- எது கிடைக்கும்?
- எவ்வளவு வரை?
- எந்தத் தேதியிலிருந்து?
- எது எப்போதுமே கிடைக்காது?

மூன்றாவதையும் நான்காவதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். காத்திருப்புக் காலம் என்றால் இப்போது கிடைக்காது, பிறகு கிடைக்கும். விலக்கு என்றால் எத்தனை வருடம் பிரீமியம் கட்டினாலும் கிடைக்காது. வீடியோவில் இரண்டையும் சேர்த்து "இதெல்லாம் கவர் ஆகாது" என்று சொல்லிவிட்டால், இரண்டு வருடம் கழித்து உரிமையோடு கேட்கக்கூடிய கிளெய்மைக்கூடச் சிலர் கேட்காமலே விட்டுவிடுவார்கள். பாலிசியை இருப்பதைவிட நல்லதாகக் காட்டுவது மட்டுமல்ல, மோசமாகக் காட்டுவதும் தப்புதான்.

படி 2: வரம்பை ஒரு பில்லாக மாற்றுங்கள்

"ரூம் வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம்" என்று நிபந்தனையில் இருக்கும். அதை அப்படியே படித்தால் யாருக்கும் ஒட்டாது. 5 லட்சம் பாலிசி என்றால் ஒரு நாளைக்கு 5,000. சரி, இதுவரை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அடுத்து நடப்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

ஒருவர் 8,000 வாடகை ரூமில் நான்கு நாள் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். "நாளுக்கு 3,000 அதிகம், மொத்தம் 12,000 நம் கையிலிருந்து" என்றுதான் அவர் நினைப்பார். பல பாலிசிகளில் கணக்கு அப்படி ஓடாது. ரூம் பெரிதாகப் பெரிதாக டாக்டர் பார்க்கும் கட்டணம், ஆபரேஷன் கட்டணம், நர்ஸிங் எல்லாவற்றையும் பல மருத்துவமனைகள் சேர்த்தே ஏற்றுகின்றன. அதனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்தக் கட்டணங்களையும் ரூமின் விகிதத்திலேயே குறைக்கும். 8,000-இல் 5,000 என்றால் 62.5 சதவீதம். ரூமோடு சேர்த்து அந்தக் கட்டணங்களுக்கும் அதே 62.5 சதவீதம்தான்.

பில் இப்படி இருக்கட்டும்:

- ரூம், 4 நாள்: 32,000. கம்பெனி தருவது 20,000.
- டாக்டர், ஆபரேஷன், நர்ஸிங்: 1,20,000. கம்பெனி தருவது 75,000.
- மருந்து, உடலுக்குள் பொருத்தும் கருவி: 40,000. நாம் எடுத்துக்கொண்ட பாலிசி இதைக் குறைப்பதில்லை, அதனால் 40,000.

மொத்த பில் 1,92,000. கம்பெனி 1,35,000 தரும். நோயாளி கட்டுவது 57,000. அவர் மனசில் வைத்திருந்தது 12,000. இத்தனைக்கும் 5 லட்சத்தில் பாதிகூடச் செலவாகவில்லை! வீடியோவின் நடு நாயகம் இந்த இரண்டு எண்கள்தான், 12,000-மும் 57,000-மும். திரையில் இவை மட்டும் பெரிதாக வரட்டும். முழு பில்லையும் அட்டவணையாகத் திரையில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த விகிதக் குறைப்பு எல்லா பாலிசியிலும் இல்லை. ரூம் வரம்பே இல்லாத பாலிசிகளும் உண்டு. ரூமைப் பொறுத்துக் கட்டணம் மாறாத மருத்துவமனையில் குறைக்க மாட்டோம் என்று சொல்பவையும் உண்டு. உங்கள் கையில் இருக்கும் ஆவணம் என்ன சொல்கிறதோ அதற்கு ஏற்பக் கணக்குப் போடுங்கள். மருந்தும் கருவியும் குறைப்புக்குள் வருமா என்பதை அந்தப் பத்தியிலேயே சொல்லியிருப்பார்கள்.

படி 3: காத்திருப்புக் காலத்தைத் தேதியாகச் சொல்லுங்கள்

"24 மாதம் வெயிட்டிங் பீரியட்" என்று கேட்பவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். "மார்ச் 10, 2027-க்கு முன்னால் கண்புரை ஆபரேஷன் செய்தால் பணம் வராது" என்றால் மறக்க மாட்டார்.

நம் எடுத்துக்காட்டில் பாலிசி மார்ச் 10, 2025-இல் ஆரம்பிக்கிறது. பணம் கட்டியது மார்ச் 3-இல்தான், ஆனால் கணக்கு ஓடுவது பாலிசி ஆரம்பத் தேதியிலிருந்து. இந்தப் பாலிசியில் மூன்று காத்திருப்புகள்:

முதல் 30 நாள், அதாவது ஏப்ரல் 8 வரை, விபத்துக்கு மட்டும். காய்ச்சலுக்குச் சேர்ந்தால் கிடையாது.

கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்ற பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு 2 வருடம், அதாவது மார்ச் 10, 2027-இலிருந்து.

ஏற்கெனவே இருந்த நோய்க்கு 3 வருடம், அதாவது மார்ச் 10, 2028-இலிருந்து.

மூன்றாவதில் ஒரு சொல்லை விட்டுவிடாதீர்கள்: விண்ணப்பத்தில் *சொல்லிய* நோய். சர்க்கரை இருப்பதை மறைத்து வாங்கியவருக்கு 3 வருடம் முடிந்தாலும் கிளெய்ம் மறுக்கப்படலாம். "மூணு வருஷம் ஓட்டிட்டா எல்லாம் சரியாயிடும்" என்று வீடியோவில் சொல்லி ஒரு குடும்பத்தை மாட்டிவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம் ஆவணத்தில் பாருங்கள். ரினியூவல் தேதியையும் அதற்கு மேல் தரும் சலுகை நாட்களையும் தாண்டிவிட்டால் காத்திருப்பு முதலிலிருந்து ஓடலாம். நடுவில் காப்பீட்டுத் தொகையை 5-இலிருந்து 10 லட்சமாக உயர்த்தினால், கூடிய 5 லட்சத்துக்கு மட்டும் புதிதாகக் காத்திருக்கச் சொல்வதும் வழக்கம். 90 விநாடியில் இவற்றுக்கு இடம் இருக்காது. கேள்வி வந்தால் பதில் சொல்லத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வசனம்

அவசரப்படாமல் பேசினால் 90 விநாடிக்கு 150 சொல்லே அதிகம். எண்கள் வந்தால் இன்னும் மெதுவாகத்தான் பேச வேண்டும். ஒரு மாதிரி:

> "மருத்துவமனையில் சேர்ந்தால் வருடத்துக்கு 5 லட்சம் வரை தருகிற பாலிசி இது, ஆனால் ரூமுக்கு ஒரு நாளைக்கு 5,000 வரைதான், முதல் 30 நாள் விபத்துக்கு மட்டும்தான்.
>
> 8,000 ரூமில் நாலு நாள் இருந்தால் என்ன ஆகும்? 12,000 கையிலிருந்து போகும் என்று நினைப்போம். போவது 57,000. ஏன்? ரூம் பெரிதானால் டாக்டர், ஆபரேஷன் கட்டணத்துக்கும் அதே விகிதத்தில்தான் பணம் தருவார்கள். 1,92,000 பில்லுக்கு வருவது 1,35,000.
>
> அடுத்து தேதி. பாலிசி மார்ச் 10, 2025-இல் ஆரம்பம் என்றால், கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்றுக்கு மார்ச் 10, 2027-இலிருந்துதான். விண்ணப்பத்தில் சொல்லிய சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மார்ச் 10, 2028.
>
> 5,000-க்குள் ரூம் எடுத்தால் இந்த விகிதக் குறைப்பு இல்லை. இது ஒரு எடுத்துக்காட்டு பாலிசி. உங்கள் பாலிசியில் ரூம் வரம்பு, காத்திருப்புக் காலம் இரண்டையும் பாருங்கள்."

முதல் பத்தியைக் கவனியுங்கள். பலனும் வரம்பும் காத்திருப்பும் முதல் பத்து, பன்னிரண்டு விநாடிக்குள் வந்துவிட்டன. பாதியில் தள்ளிவிட்டுப் போகிறவர்கூட அரை உண்மையோடு போக மாட்டார். "வரை", "மட்டும்", "இலிருந்து" ஆகிய சொற்களைப் பேச்சில் விழுங்காமல் அழுத்திச் சொல்லுங்கள். "முழுச் செலவும்", "உடனே", "எந்த நோய்க்கும்" என்பவை ஆவணத்தில் அதே பொருளில் இருந்தால் ஒழிய உங்கள் வாயில் வரக்கூடாது.

விற்பனையில் உங்களுக்குக் கமிஷன் உண்டு என்றால், "நான் இந்தக் கம்பெனியின் ஏஜென்ட்" என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள். அதைச் சொல்ல மூன்று விநாடிகூட ஆகாது.

படி 5: படம் பிடிப்பது

போன் போதும். பலரும் சத்தமில்லாமல் பார்ப்பதால் வரம்பும் தேதியும் திரையில் எழுத்தாக வர வேண்டும். "5 லட்சம்" எந்த அளவில் வருகிறதோ, "நாளுக்கு 5,000 வரை" என்பதும் அதே அளவில், அதே நேரம் நிற்கட்டும். பலனுக்குப் பெரிய மஞ்சள் எழுத்து, வரம்புக்கு மூலையில் எறும்பு எழுத்து என்றால் நாம் இவ்வளவு கணக்குப் போட்டதே வீண். செங்குத்து வீடியோவில் அடிப்பகுதியையும் வலது ஓரத்தையும் செயலியின் பட்டன்கள் மூடிவிடும், ஆகவே எழுத்தை நடுவிலோ சற்று மேலேயோ வையுங்கள். எடிட் செய்யும்போது இசை, வேகம் எல்லாம் உங்கள் விருப்பம். தேதி வருகிற இடத்தை மட்டும் வேகமாக்க வேண்டாம்.

படி 6: போடும் முன் ஒரு சோதனை

இன்ஷூரன்ஸ் தெரியாத ஒருவருக்கு ஒரே ஒரு முறை காட்டுங்கள். பிறகு போனை வாங்கிக்கொண்டு கேளுங்கள்: "பாலிசி வாங்கி ஒன்றரை வருடத்தில் குடலிறக்க ஆபரேஷன் செய்தால் பணம் வருமா?" "8,000 ரூம் எடுத்தால் யார் எவ்வளவு கட்டுவார்கள்?"

முதல் கேள்விக்கு "வராது" என்று வந்தால் தேதி புரிந்துவிட்டது. "வரும், 5 லட்சம் இருக்கே" என்றால் பேச்சு வேகமா, எழுத்து சீக்கிரம் மறைந்ததா என்று பார்த்து அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுங்கள். இரண்டாவதற்குத் துல்லியமான எண் வேண்டாம்; "ரூம் வித்தியாசத்தைவிட நிறையக் கட்டணும்" என்றாலே போதும்.

எந்த வருடத்து நிபந்தனையை வைத்துச் சொன்னீர்கள் என்பதைக் கடைசி ஃபிரேமில் எழுதி வையுங்கள். கம்பெனி நிபந்தனையை மாற்றினால் பழைய வீடியோவை எடுத்துவிட்டுப் புதிய எண்களோடு மறுபடி போட வேண்டியிருக்கும். குறிப்பில் மட்டும் திருத்தினால், ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவர்களுக்கு அது போய்ச் சேராது.