சிவந்த நிலாவைப் படமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழு சந்திர கிரகணப் படத் தொகுப்புகள் பலவற்றில் ஒரே தவறான கதை இருக்கும். வெள்ளை நிலா, கருப்பு கடித்த நிலா, அப்புறம் திடீரென்று சிவப்பு நிலா. முழுதாக மறைந்த நொடியில்தான் சிவப்பு பிறக்கிறது என்று பார்ப்பவர் முடிவு கட்டிவிடுவார். பக்கத்தில் போடும் நிழல் வரைபடமும் பெரும்பாலும் இந்தத் தவறுக்குத் துணைபோகிறது. 2025 செப்டம்பர் 7 இரவு இந்தியா முழுவதும் தெரிந்த கிரகணத்தை வைத்தே இதைப் பார்க்கலாம்.

அன்றைய நேரங்கள் இவை: இரவு 8:58க்கு நிலா, பூமி சூரியனை ஓரளவு மட்டும் மறைக்கும் வெளி நிழலான புறநிழலைத் தொட்டது, 9:57க்குச் சூரியனை முழுதும் மறைக்கும் உள் நிழலான கருநிழலைத் தொட்டது. 11:01க்கு முழுதும் உள்ளே போனது, 11:42க்கு நடுக்கட்டம். 12:22க்கு வெளியே வரத் தொடங்கி, 1:26க்குக் கருநிழலை விட்டது. முழுக் கிரகணம் மட்டும் 82 நிமிடம்.

முதலில் வரைபடம். சூரியன், பூமி, நிலா மூன்றையும் ஒரே வரிசையில் வரைந்து, கூம்பு நிழலின் கூர்முனைக்குப் பக்கத்தில் நிலாவை வைப்பது வழக்கம். அதைப் பார்த்தால் கருநிழலும் நிலாவும் ஏறக்குறைய ஒரே அளவு என்று தோன்றும். அப்படி இருந்தால் முழுக் கிரகணம் கண நேரத்தில் முடிந்திருக்கும், 82 நிமிடம் நீடித்திருக்காது. அளவோடு வரைந்தால் கணக்கு இப்படி வரும்: பூமியை 1 சென்டிமீட்டர் வட்டமாகப் போட்டால், நிலா சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி, 2.7 மில்லிமீட்டர் புள்ளி. கருநிழலின் கூர்முனையோ ஒரு மீட்டருக்கும் அப்பால். நிலா இருக்கும் இடத்தில் கருநிழலின் குறுக்களவு சுமார் 7 மில்லிமீட்டர், அதாவது நிலாவைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல்.

இந்த அளவு ஒரு பக்கத்தில் அடங்காது. அதனால் புகைப்படத் தொகுப்புக்குப் பக்கவாட்டுப் படத்தைவிட வெட்டுமுகப் படமே பொருந்தும். நடுவில் கருநிழல் வட்டம். அதைச் சுற்றி ஏறக்குறைய ஒரு நிலாவின் அகலத்துக்குப் புறநிழல் வளையம். இதற்குக் காரணம் இருக்கிறது: வானத்தில் சூரியன் எவ்வளவு அகலமாகத் தெரிகிறதோ, அதே கோண அகலம்தான் புறநிழல் வளையத்துக்கும். நிலாவும் சூரியனும் நமக்கு ஏறக்குறைய ஒரே அளவில் தெரிவதால், வளையமும் ஒரு நிலா அகலம் ஆகிறது. நிழலுக்குள் நிலா ஒரு மணி நேரத்தில் தன் குறுக்களவு தூரம் நகரும். மேலே உள்ள நேரங்களைப் பாருங்கள்: வளையத்தைக் கடக்க 59 நிமிடம், கருநிழலுக்குள் முழுதாக நுழைய 64 நிமிடம். வரைபடம் சரியா என்று சோதிக்க வேறு எதுவும் தேவையில்லை.

புறநிழலை ஒரே சாம்பல் நிறத்தில் நிரப்புவதும் தவறு. வெளி விளிம்பில் மங்கல் கண்ணுக்கே தெரியாது. உள்ளே போகப் போகத்தான் கூடும். எனவே 8:58க்கு எடுத்த படத்தில் ஒன்றும் மாறவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒன்பதரை தாண்டினால்தான் ஒரு ஓரம் அழுக்கானதுபோல் தெரியும்.

இப்போது சிவப்புக்கு வருவோம். பூமிக்குக் காற்று இல்லாவிட்டால் 11:01க்கு நிலா கன்னங்கரேலென்று மறைந்திருக்கும். காற்று லென்ஸ்போல வேலை செய்கிறது. பூமியின் விளிம்பை உரசிக்கொண்டு வரும் வெளிச்சம் காற்றுக்குள் நுழையும்போது அரைப் பாகைக்குச் சற்று மேல் வளைகிறது. வெளியேறும்போது இன்னொரு முறை அதே அளவு வளைகிறது. கருநிழலின் நடுவரைக்கும் ஒளி போய்ச் சேர இந்த வளைவு போதும். வழியில் காற்று மூலக்கூறுகள் நீலத்தை நாலாபக்கமும் சிதறடித்துவிடுவதால், மிஞ்சி வருவது சிவப்பு. அதாவது அந்த நேரத்தில் பூமியின் விளிம்பில் நடக்கும் எல்லாச் சூரிய உதயங்களும் அஸ்தமனங்களும் சேர்ந்து நிலாமேல் விழுகின்றன. பூமியிலிருந்து பிரதிபலித்த ஒளி என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. அப்போது நிலாவைப் பார்த்திருப்பது பூமியின் இரவுப் பக்கம்.

இந்தச் சிவப்பு கருநிழல் முழுவதிலும் எப்போதும் இருக்கிறது. 10:45க்கு முக்கால்வாசி மறைந்த நிலாவை ஐ.எஸ்.ஓ. 100, f/8, 1/250 வினாடியில் எடுத்தால், ஒளிரும் கீற்று அழகாக வரும், மீதி கருப்பு. அதே நிமிடம் ஐ.எஸ்.ஓ. 1600, f/5.6, 1 வினாடிக்கு மாற்றி எடுங்கள். கீற்று வெள்ளையாக வெந்துபோகும், ஆனால் கருப்பாக இருந்த பகுதி செங்கல் நிறத்தில் எழுந்து வரும். இரண்டு எக்ஸ்போஷருக்கும் இடையே சுமார் 8,000 மடங்கு வித்தியாசம். சிவப்பு புதிதாக வரவில்லை, பக்கத்திலிருந்த வெளிச்சம் அதை மறைத்திருந்தது. ஆகவே பாதிக் கட்டங்களில் இரண்டு எக்ஸ்போஷரும் எடுத்து, தொகுப்பில் இரண்டையும் காட்டி, எந்தப் படம் எத்தனை வினாடி என்று கீழே எழுதுவதுதான் நேர்மை. கேமராவை ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் அது தன் இஷ்டத்துக்கு வெளிச்சம் கூட்டிக் குறைக்கும், ஒயிட் பேலன்ஸ் சிவப்பைச் சரிசெய்கிறேன் என்று பழுப்பாக்கும். ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்குப் பூட்டிவிடுங்கள்.

அந்த 1 வினாடியிலும் ஒரு சிக்கல் உண்டு. 400 மி.மீ. லென்ஸோடு சாதாரண ட்ரைபாடில் வைத்தால், வான ஓட்டத்தில் நிலா ஒரு வினாடிக்கு ஏழு பிக்சல் அளவுக்கு நகர்ந்து விளிம்பு மசமசக்கும். ஃபோகஸ் போய்விட்டது என்று பலர் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, சரியாக இருந்ததையும் கெடுத்துக்கொள்வார்கள். ஐ.எஸ்.ஓ. 6400, 1/4 வினாடி என்று போனால் அதே வெளிச்சம், இரண்டு பிக்சலுக்குள் அசைவு. கொஞ்சம் புள்ளி தட்டும், பரவாயில்லை.

படங்களை அடுக்கும்போது நடப்பது இன்னொரு தவறு. அசையாத கேமராவில் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்தால், நிலாக்கள் ஒன்றுக்கொன்று ஐந்து நிலா அகலம் தள்ளி விழும். அது பூமி சுழல்வதால் வந்த இடைவெளி. அதன்மேல் கருநிழல் வட்டம் வரைந்தால் எதுவும் பொருந்தாது. நிழலைக் காட்ட வேண்டுமென்றால் 9:57, 11:01 படங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டும்படி வைக்க வேண்டும். அதற்கு முன் எல்லாப் படங்களையும் ஒரே திசைக்குத் திருப்ப வேண்டும். அன்று தமிழ்நாட்டில் நள்ளிரவையொட்டி நிலா தலைக்குமேல் ஏறி மேற்கே சாய்ந்ததால், அதன் முகமே கேமராவில் நன்றாகத் திரும்பியிருக்கும். நிலாவின் கரும் திட்டுகளை அடையாளம் வைத்துத் திருப்பினால், பாதிக் கட்டப் படங்களின் நிழல் வளைவுகள் தாமாகவே ஒரே வட்டத்தில் வந்து சேரும்.

கடைசியாக, எல்லாக் கிரகணத்தையும் ஒரே இரத்தச் சிவப்புக்கு எடிட் செய்யாதீர்கள். அன்று நிலா நிழல் மையத்துக்குத் தெற்கே போனது. அதனால் நடுக்கட்டத்தில் அதன் வடபாதி இருண்டும் தென் விளிம்பு வெளுத்தும் இருக்க வேண்டும். கருநிழலின் ஓரத்தில் மெல்லிய நீலப்பட்டை தெரிந்தால் அதைக் கறை என்று அழிக்க வேண்டாம். உயரத்தில் ஓசோன் சிவப்பை உறிஞ்சியதால் வந்த நிறம் அது. காற்றின் நிலையும் படத்தில் பதியும்: 1991இல் பினடுபோ எரிமலை வெடித்துத் தூசி எழுப்பிய பிறகு, 1992 டிசம்பர் 9 கிரகணத்தில் நிலா கிட்டத்தட்ட காணாமலே போயிற்று. அன்றைய படத்தைச் சிவப்பாக்கினால், அதிலிருந்த எரிமலைத் தூசியின் சாட்சியமே அழிந்திருக்கும்.