பூர்ஸ் மூன்றாம் வருடத்தில் ஏன் நிற்கிறது? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

ரெயூனியோனில் நம் பிள்ளைகளில் பலர் மாணவர் சேவை அலுவலகமான க்ரூஸ் தரும் பூர்ஸை, அதாவது உதவித்தொகையை, நம்பித்தான் படிக்கிறார்கள். மூஃபியா வளாகத்தில் படிக்கும் என் சித்தி மகளின் கோப்பை இந்த வருடம் நான்தான் உட்கார்ந்து பார்த்தேன். அதிலிருந்து தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எது எந்தப் பணம் என்று பிரியுங்கள்

க்ரூஸ் அனுப்பும் கடிதத்தில் இரண்டு தொகைகள் இருக்கலாம். ஒன்று குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் பூர்ஸ். அது 0bis முதல் 7 வரை எஷெலோன் என்னும் படிகளாகப் பிரிந்திருக்கும். இன்னொன்று, பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரெயாவில் 'த்ரே பியேன்' என்ற உயர் தரம் வாங்கியவர்களுக்கான மெரித் தொகை. வருடத்துக்கு 900 யூரோ, அதிகபட்சம் 3 வருடம்.

மெரித் என்பதால் மதிப்பெண் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வருமான பூர்ஸ் வாங்குபவருக்குத்தான் மெரித் தொகையும் கிடைக்கும். வீட்டு வருமானம் கூடி பூர்ஸ் முழுதாக நின்றால், எவ்வளவு நன்றாகப் படித்தாலும் அந்த 900-உம் போய்விடும். ஒரே வகுப்பில் மறுபடி இருந்தாலும் பூர்ஸ் தொடரும். மருத்துவம் போன்ற காரணம் இல்லாவிட்டால் மெரித் மட்டும் நிற்கும். தங்கைக்கு நடந்தது இதுதான்.

2. உரிமைகளையும் கிரெடிட்டுகளையும் எழுதுங்கள்

பூர்ஸ் வாங்கும் ஒவ்வொரு வருடமும் ஓர் உரிமை செலவாகிறது. மொத்தம் 7, அதில் இளங்கலையான லிசான்ஸுக்கு 5-க்கு மேல் இல்லை. முதல் இரண்டு வருடம் கிரெடிட் நிபந்தனை கிடையாது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. 3-ஆவது உரிமைக்கு 60 கிரெடிட் (அல்லது இரண்டு செமஸ்டர்) தேறியிருக்க வேண்டும். 4, 5-க்கு 120. 6, 7-க்கு 180.

3. கிரெடிட்டைச் சரியாக எண்ணுங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. செமஸ்டர் சராசரி 20-க்கு 10 வந்துவிட்டால், ஒரு பாடம் போனாலும் 30 கிரெடிட்டும் கிடைக்கும். 10-க்குக் கீழே போனால் தேறிய பாடங்களின் கிரெடிட் மட்டும்தான்.

தங்கை முதல் வருடத்தில் 24 கிரெடிட் எடுத்தாள், மறுபடி அதே வகுப்பில் சேர்ந்தாள். இரண்டாம் முறை முதல் செமஸ்டர் சராசரி 10.4, ஆகவே 30. இரண்டாம் செமஸ்டர் 9.1, தேறிய பாடங்களுக்கு 24. மொத்தம் 54. பழைய 24-ஐ இதோடு கூட்டக் கூடாது. அவை இதே வருடத்துப் பாடங்கள், ஏற்கெனவே உள்ளே இருப்பவை.

54 கிரெடிட்டோடு, மீதியைச் சுமந்துகொண்டு இரண்டாம் வருடத்துக்குப் போகப் பல்கலைக்கழகம் அனுமதிக்கும் நிலை. எனவே மிச்சமிருந்த 6 கிரெடிட் பாடத்தை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். ஆனால் பல்கலைக்கழகம் விடும் கதவும் க்ரூஸ் பார்க்கும் கணக்கும் வேறு வேறு. 54 என்றால் 3-ஆவது உரிமை மறுக்கப்படும். இது தெரிந்ததும் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் மறுதேர்வு எழுதினாள், தேறினாள், 60 ஆனது, பூர்ஸ் தொடர்கிறது. இந்தக் கணக்கை முதல் அமர்வு முடிவு வந்த அன்றே போடுங்கள். மறுதேர்வு முடிந்தபின் போட்டுப் பயனில்லை.

மதிப்பெண் பட்டியலை PDF-ஆகவே இறக்கி வையுங்கள். கைப்பேசியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் எனக்குப் பிடிக்காது. பாதி வரிகள் விடுபடும்.

4. வீட்டுப் பக்கத்துப் புள்ளிகளையும் பாருங்கள்

விண்ணப்பம் வருடா வருடம் messervices.etudiant.gouv.fr தளத்தில் புதிதாகப் போட வேண்டும், தானாகப் புதுப்பிக்காது. அண்மை வருடங்களில் மார்ச் முதல் மே முடிவு வரை திறந்திருக்கிறது. 2025-26-க்கு 2023-இன் வருமானத்தைப் பார்த்தார்கள். வருமானத்தோடு குடும்ப நிலைக்கான புள்ளிகளும் சேர்ந்துதான் எஷெலோனை முடிவுசெய்யும். உயர்கல்வியில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு 4 புள்ளி. அண்ணன் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டால் அந்த 4 போகும். அப்பாவின் சம்பளம் ஒரு யூரோகூடக் கூடாமலே எஷெலோன் இறங்கலாம். மொம்பெலியேயில் படித்தவர் தீவுக்குத் திரும்பினால் தூரத்துக்கான புள்ளியும் குறையும். தொகையைக் கணக்கிட்டுக் காட்டும் க்ரூஸின் இணையச் சிமுலாத்தேரில் புது நிலையைப் போட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை: இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன.

அப்பா ஓய்வு பெற்று வருமானம் இறங்கிவிட்டது, என்ன செய்ய? ஓய்வு, வேலையிழப்பு, விவாகரத்து, மரணம் போன்றவற்றுக்குச் சான்று கொடுத்தால் பிந்தைய வருமானத்தை எடுத்துக்கொள்ளக் கேட்கலாம். கேட்காமல் அவர்களாகச் செய்ய மாட்டார்கள்.

60 வராமல் மறுத்துவிட்டார்கள், அவ்வளவுதானா? இல்லை. பூர்ஸ் வாங்காத வருடம் உரிமையைத் தின்னாது. அந்த வருடத்தில் 60-ஐத் தொட்டுவிட்டால் அதற்கடுத்த விண்ணப்பத்தில் 3-ஆவது உரிமையைக் கேளுங்கள். இடைப்பட்ட மாதங்களுக்கு க்ரூஸின் சமூகப் பணியாளரிடம் நேரம் வாங்கி, ஒருமுறை தரும் அவசர உதவியைக் கேட்கலாம். வகுப்புக்கும் தேர்வுக்கும் போகாமல் இருந்ததால் பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதம் வந்திருந்தால் அது தனி விவகாரம். வருகைச் சான்றோடு உடனே பதில் போடுங்கள்.