கோயில் பொதுக்கூட்டத்துக்குத் தலைவர் உரை எழுதுவது எப்படி?

எங்கள் தோட்டத்துக் கோயில் பரிபாலன சபைக்குத் தலைவர் உரையை எழுதிக் கொடுப்பது நான்தான். ஹட்டன் பக்கத்துக் கோயில் ஒன்றில் புதிதாகத் தலைவராகியிருக்கும் அண்ணன் ஒருவர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

முதலில் செயலாளரின் அறிக்கையையும் பொருளாளரின் கணக்கையும் கையில் வாங்குங்கள். பூசை, திருவிழா, அறநெறி வகுப்பு எல்லாவற்றையும் செயலாளர் வாசித்துவிடுவார். தலைவர் முடிந்த வேலை இரண்டையும் முடியாமல் நிற்கும் வேலை ஒன்றையும் சொன்னால் போதும். மழையால் மண்டபத்துக்குத் தகரம் மாற்ற முடியவில்லை என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். காரணத்தை நீங்கள் சொல்லாவிட்டால் லயத்தில் வேறு காரணம் பேசுவார்கள்.

அடுத்தது காசு. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஓர் உதாரணம் பார்ப்போம். வருட வரவு 18 இலட்சம், செலவு 14 இலட்சம். “4 இலட்சம் மீதி” என்று தலைவர் பெருமையாகச் சொல்லிவிட்டால், “பிறகு ஏன் சந்தாவைக் கூட்டுகிறீர்கள்?” என்று யாராவது எழும்புவார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 4 இலட்சத்தில் மூன்றரை இலட்சம் கும்பாபிஷேகத் திருப்பணிக்கென்று உபயகாரர்கள் தந்தது. அதில் ஐயரின் சம்பளமோ கரண்ட் பில்லோ கட்டக்கூடாது. மிஞ்சுவது 50,000 ரூபாய். மாதச் செலவு 80,000 என்றால் அது ஒரு மாதத்துக்கே போதாது. ஆகவே இப்படி எழுதுங்கள்: “திருப்பணிக் கணக்கில் மூன்றரை இலட்சம் தனியாக இருக்கிறது. அன்றாடச் செலவுக்குக் கையில் இருப்பது 50,000 மட்டுமே.” இந்த இரண்டு வரியும் எல்லோருக்கும் விளங்கும்.

அப்புறம் ஒத்துழைப்பு. “அனைவரும் ஒத்துழைப்பு நல்குமாறு” என்ற வரியை வெட்டிவிடுங்கள், அதைக் கேட்டு யாரும் வருவதில்லை. “தகரம் இறக்க வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு இருபது பேர் வேண்டும், பெயர் தர மண்டப வாசலில் கொப்பி இருக்கிறது” என்றால் அன்றைக்கே பெயர் விழும். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் ஆள்பலம் கேட்காதீர்கள். சம்பளம் வந்ததும் மாதச் சந்தாவை வங்கியில் போடச் சொல்லுங்கள், பற்றுச்சீட்டு அனுப்புவதாகவும் சொல்லுங்கள்.

தட்டச்சு செய்வதென்றால் யுனிகோட்டில் செய்யுங்கள். பாமினியில் அடித்துக் கொண்டுபோனால், அந்த எழுத்துரு இல்லாத கடையில் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள்தான் வரும். பெரிய எழுத்து, ஒரு பக்கம் மட்டும் அச்சு. போனைப் பார்த்து வாசிப்பது எனக்குப் பிடிக்காது, சபையைப் பார்க்கவே முடியாமல் போகும்.

பின்சேர்க்கை: தங்கள் கோயிலில் தலைமையுரைதான் முதலில் வரும், கணக்கு பிறகுதான் என்று பண்டாரவளையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். அப்படியென்றால் காசுப் பகுதியைத் தனித் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். பொருளாளர் வாசித்து முடித்ததும், கணக்கை ஏற்கக் கை தூக்கச் சொல்வதற்கு முன், தலைவர் எழும்பி அந்த இரண்டு வரியையும் சொல்லலாம்.