ஆங்கில வணிகக் கடிதத்திலிருந்து மரபுத்தொடர்களைக் களைவது எப்படி?

வன்னியிலுள்ள கூட்டுறவுச் சங்கங்களிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் வெளிநாட்டுக்குப் போகும் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருக்கும்போது, இலக்கணப் பிழையைவிட மரபுத்தொடர்களே அதிகக் குழப்பத்தை உண்டாக்குகின்றன. இலக்கணப் பிழை வாசிப்பவரின் கண்ணில் பட்டுவிடும், அவர் விளக்கம் கேட்பார். மரபுத்தொடரை அவர் தமக்குத் தெரிந்த பொருளில் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவார்.

கிளிநொச்சியிலிருந்து மொட்டைக்கறுப்பன் அரிசி அனுப்ப விரும்பும் ஒரு சங்கம், இத்தாலியிலுள்ள மொத்தக் கொள்வனவாளருக்கு எழுதும் விலைக் கடிதத்தை மாதிரியாக வைத்துக்கொள்வோம். அதில் நான்கு வாக்கியங்கள் இருக்கின்றன. புத்தாண்டு முடிந்ததும் சரக்கை ஏற்றுவோம் என்பது முதலாவது. விலையைக் குறிப்பிட்டு, இது ஒரு ‘போல்பார்க் ஃபிகர்’, அதாவது தோராயமான தொகை, என்பது இரண்டாவது. அறுவடை குறைந்தால் அதை ‘மேக் அப்’ செய்வோம் என்பது மூன்றாவது. தரத்துக்காக ‘எக்ஸ்ட்ரா மைல்’ போவோம், அதாவது வழக்கத்தைவிடக் கூடுதலாக முயல்வோம், என்பது நான்காவது.

முதற்படி: தேடிக் கண்டுபிடித்தல்

‘போல்பார்க்’ போன்ற பகட்டான தொடர்கள் தாமாகவே கண்ணில் படும். மறைந்திருப்பவை சிறிய வினைத்தொடர்கள். ‘மேக் அப்’ என்பது ஈடுசெய்வதையும் குறிக்கும், இல்லாத ஒன்றைப் புனைந்து சொல்வதையும் குறிக்கும், முகப்பூச்சையும் குறிக்கும். அகராதியில் இரண்டு சொற்களையும் தனித்தனியே பார்ப்பவருக்கு இவற்றில் எதுவும் கிடைக்காது. இத்தகைய தொடர்களின் வாலில் பெரும்பாலும் ஒரு சிறு சொல் இருப்பதால், அந்த வாலைப் பிடித்தே தேடலாம். வேர்ட் செயலியில் `Ctrl+H` அழுத்தி, `Find` தாவலுக்குச் சென்று, `More` என்பதைத் திறந்து, `Find whole words only` என்பதைத் தெரிவுசெய்துவிட்டு, பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். `Reading Highlight` என்பதை அழுத்தி, `Highlight All` என்பதைத் தெரிவுசெய்தால் எல்லா இடங்களும் நிறமிட்டுக் காட்டப்படும்.

```
up
down
off
out
over
back
through
```

நிறமிடப்பட்ட ஒவ்வோரிடத்திலும், அந்தச் சிறு சொல் திசையை அல்லது இடத்தைக் குறிக்கிறதா என்று கேளுங்கள். குறித்தால் விட்டுவிடலாம். குறிக்காவிட்டால் ஒரே சொல்லாலான வினையை அங்கே இடுங்கள். ‘புட் ஓஃப்’ என்பதைவிட ‘போஸ்ட்போன்’ நீளமாகத் தெரிந்தாலும், அகராதியில் ஒரே இடத்தில், ஒரே பொருளுடன் கிடைக்கும். இத்தாலியர் போன்ற இலத்தீன்வழி மொழிக்காரருக்கு அது ஏற்கெனவே பழகிய சொல்லாகவும் இருக்கும்.

வேர்டின் இலக்கணச் சோதனையும் சில தேய்ந்த தொடர்களைச் சுட்டிக்காட்டும். ஆனாலும் அதை நம்பி நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. இறுதிப் பார்வைக்குக் கடிதத்தை அச்செடுத்து, பேனாவுடன் கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி வாசிப்பதையே நான் விரும்புகிறேன். அப்போது கதையோட்டம் அறுந்துபோவதால் ஒவ்வொரு வாக்கியமும் தனித்து நிற்கும்.

இரண்டாம் படி: எழுதியவரிடம் கேட்டல்

அதிக நேரம் எடுப்பது இந்தப் படிதான். அடுத்த படிக்குத் தாவிவிடத் தோன்றினாலும் இங்கே நின்றே ஆக வேண்டும். ஒரு மரபுத்தொடரை எடுத்துவிட்டு எளிய சொல்லொன்றை வைப்பதால் வேலை முடிந்துவிடாது. எழுதியவர் இன்னும் முடிவுசெய்யாத ஒரு தொகையோ, திகதியோ, பொறுப்போ அந்தத் தொடருக்குள் பதுங்கியிருக்கும். அதை வெளியே எடுக்காமல் சொல்லை மட்டும் மாற்றினால், புரியாத மங்கல் போய்ப் புரியும் மங்கல் வரும், அவ்வளவே.

‘போல்பார்க்’ என்பதற்குப் பதிலாக ‘எஸ்டிமேட்’ என்று எழுதலாம். ஆனால் அந்த விலை எவ்வளவு மாறக்கூடும், எதனால் மாறும், எப்போது உறுதியாகும் என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. ஆகவே சங்கத்தின் முகாமையாளரிடம் கேட்கிறோம். அறுவடையைப் பொறுத்து 5 சதவீதம் வரை கூடலாம் அல்லது குறையலாம், மார்ச் 31 அன்று உறுதியான விலையை எழுத்தில் தருவோம் என்கிறார். கடிதத்தில் போக வேண்டியது அந்த விடைதான்.

‘மேக் அப்’ வாக்கியத்துக்கும் இதே வழி. குறைபடும் அரிசியை வேறு ஆலையிலிருந்து வாங்கி அனுப்புவீர்களா, அடுத்த சரக்குடன் சேர்ப்பீர்களா, பணத்தில் கழிப்பீர்களா என்று கேட்க வேண்டும். அடுத்த சரக்குடன் சேர்ப்போம் என்று விடை வந்தால், அதையே நேரடியாக எழுதுங்கள். ‘எக்ஸ்ட்ரா மைல்’ பற்றிக் கேட்டபோது, ஒவ்வொரு தொகுதியிலும் ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டாமல் சோதித்து அனுப்புவோம் என்று விடை வந்தால், அந்த எண்ணே வாக்கியமாகிவிடும். விடை எதுவும் வராவிட்டால் வாக்கியத்தையே நீக்கிவிடுங்கள், கடிதம் எதையும் இழக்காது.

மூன்றாம் படி: நம் ஊர்க் குறிப்புகள்

புத்தாண்டு என்றால் நமக்குச் சித்திரை, ஏப்ரல் நடுப்பகுதி. இத்தாலியில் இருப்பவருக்கு அது ஜனவரி 1. நம் முதலாவது வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் எளிய ஆங்கிலமாகவே இருப்பதால், மேலே சொன்ன தேடலில் அது அகப்படாது. காலபோகத்துக்குப் பின், பொங்கலுக்கு முன், போயா தினம் தவிர என்பவையும் இதே வகை. எல்லாவற்றையும் நாட்காட்டித் திகதியாக மாற்றி, மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 04/05 என்றால் ஒருவருக்கு மே 4, இன்னொருவருக்கு ஏப்ரல் 5.

அளவுகளிலும் இதே கவனம் வேண்டும். இரண்டரை இலட்சம் என்பதை 250,000 என்று எழுதி, நாணயத்தையும் சேர்த்துவிடுங்கள். புசல் கொள்ளளவு என்பதால் தானியத்துக்குத் தானியம் அதன் எடை வேறுபடும், அதைக் கிலோகிராமாக்குங்கள்.

தொடக்கூடாதவை

வணிகத்தில் பொருள் நிலைபெற்ற கலைச்சொற்களை எளிமைப்படுத்தப் போகாதீர்கள். ‘எஃப்.ஓ.பி. கொழும்பு’ என்பது, கொழும்பில் கப்பலில் ஏற்றியபின் பொறுப்பு வாங்குபவருக்கு மாறும் என்ற முழு ஏற்பாட்டையும் தாங்கியது. ‘பில் ஒஃப் லேடிங்’, ‘லெட்டர் ஒஃப் கிரெடிட்’ ஆகியவையும் மரபுத்தொடர் போலத் தெரிந்தாலும் ஆவணங்களின் பெயர்கள். அவற்றை மாற்றினால் வங்கியும் கப்பல் முகவரும் தடுமாறுவார்கள்.

இறுதியாக, திருத்திய கடிதத்தை அதுவரை பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு விதமாகச் சொல்ல முடிகிற வாக்கியம் இன்னும் திருந்தவில்லை.

பிற்சேர்க்கை: கொழும்புத் திணைக்களங்களுக்குப் போகும் ஆங்கிலக் கடிதங்களிலும் காலபோகம், சிறுபோகம் என்பவற்றை மாற்ற வேண்டுமா என்று மல்லாவியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேண்டியதில்லை. அங்கே வாசிப்பவருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழியே என்றாலும், ‘மஹா’, ‘யல’ என்ற பெயர்கள் அவருடைய அன்றாடச் சொற்கள். வினைத்தொடர்களை மட்டும் களைந்தால் போதும். கையொப்பமிட்ட ஒப்பந்தத்தையும் இவ்வாறு திருத்தலாமா என்று இன்னொருவர் கேட்டார். அதில் ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். விளக்கம் தேவையென்றால் தனிக் கடிதமாக எழுதி, அனுப்புவதற்கு முன் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.