தடுக்கப்பட்ட அடிக்குப் பிறகு பொத்தானை அழுத்தும் தவறு

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ விளையாட்டைப் புதிதாக ஆடுபவர்கள் தங்கள் அடியை எதிராளி தடுத்தவுடன் மீண்டும் பொத்தானை அழுத்துகிறார்கள். அடி வாங்கியதும் எதிராளியின் கை வேகமானது என்று முடிவு செய்கிறார்கள். பெரும்பாலும் அங்கே கைவேகத்துக்கு வேலையே இல்லை, ஏனெனில் அந்த நொடியில் முறை எதிராளியுடையது.

இவ்விளையாட்டு ஒரு நொடியை 60 ஃபிரேம்களாகப் பிரித்து நடத்துகிறது. ஒவ்வோர் அடிக்கும் கை நீளும் நேரமும், படும் நேரமும், பழைய நிலைக்குத் திரும்பும் நேரமும் உண்டு. உங்கள் உதையைத் தடுத்த எதிராளி உங்களைவிட 3 ஃபிரேம் முன்னதாக விடுபடுகிறார் என்றால், அந்த உதை தடுக்கப்பட்டால் -3 என்பார்கள். இப்போது இருவரும் 4 ஃபிரேமில் படும் ஜாப் குத்தை அழுத்துவதாகக் கொள்வோம். அவர் விடுபட்டதிலிருந்து எண்ணினால் அவருடைய குத்து 4ஆம் ஃபிரேமில் படும்; உங்களுடையது 7இல்தான் படமுடியும். நீங்கள் எவ்வளவு முன்கூட்டி அழுத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது; உங்கள் குத்து முடியுமுன் அவருடையது படுவதால் அது கவுண்டர் ஹிட் ஆகிச் சேதமும் கூடும். எதிராளியும் கணக்குத் தெரியாமல் தயங்கினால் உங்கள் குத்து பட்டுவிடும் என்பதால்தான் இந்தப் பழக்கம் எளிதில் விடுவதில்லை.

-3இல் பின்பக்கம் அழுத்தித் தடுத்தால் அந்த ஜாப்பிலிருந்து தப்பலாம். -6 என்றால் தடுக்கவும் முடியாது, ஏனெனில் குத்து வந்து சேரும்போது உங்கள் கால் இன்னும் திரும்பி முடிந்திருக்காது.

எண்ணை மட்டும் மனப்பாடம் செய்வது அடுத்த தவறு. என் கருத்தில் இதுவே அதிகம் ஏமாற்றுவது. அதே -6 உதையைக் காலின் நுனி மட்டும் படும் தூரத்திலிருந்து விட்டால், குட்டையான ஜாப் உங்களை எட்டாது. ஆகவே பல எதிராளிகளிடம் தப்பிவிடலாம். எதிரே இருப்பவர் ஸாங்கீஃப் என்ற மல்யுத்த வீரர் பாத்திரம் என்றால், நீண்ட தூரம் எட்டும் அவருடைய ஸ்க்ரூ பைல்டிரைவர் பிடி அங்கும் உங்களைப் பற்றிக்கொள்ளக்கூடும். ஒரே அடி ஒருவரிடம் பாதுகாப்பாகவும் மற்றொருவரிடம் ஆபத்தாகவும் இருப்பதைக் கணக்கில் எடுப்பதுதான் மேட்ச்அப் சிந்தனை. அதாவது, எதிராளியின் விரைவான பதிலடி எது, அது எவ்வளவு தூரம் எட்டும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு அடியைத் தேர்வு செய்வது.

பயிற்சிப் பகுதியில், ஃபிரேம்களைத் திரையில் காட்டும் ஃபிரேம் மீட்டரை இயக்கி, பொம்மை எதிராளி எல்லாவற்றையும் தடுக்குமாறும், தடுத்தவுடன் ஜாப் விடுமாறும் அமையுங்கள். நீங்கள் வழக்கமாக விடும் உதைக்குப் பின் ஒருமுறை ஜாப்பை அழுத்துங்கள், அடுத்தமுறை தடுத்துப் பாருங்கள். தடுத்தும் அடி வாங்கினால், அந்த உதையை அவ்வளவு அருகிலிருந்து விடாதீர்கள்.